பணம் கட்டியும் பாலிசி லேப்ஸ் ஆயிடுச்சா? லேட் ஃபீ தள்ளுபடி லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி படிங்க

கிரேஸ் பீரியட் முடியறதுக்கு முன்னாடியே கட்டிட்டேன், பேங்க்ல பணமும் போயிடுச்சு. ஆனா பாலிசி லேப்ஸ்னு மெசேஜ் வந்திருக்கு. எப்படி?

நம்ம கண்ணுக்கு "கட்டினது" ஒரே ஒரு விஷயம்தான், ஆனா அதுக்குள்ள மூணு தேதி இருக்கு. ஒண்ணு உங்க அக்கவுண்ட்ல இருந்து பணம் போன தேதி. ரெண்டாவது அது இன்சூரன்ஸ் கம்பெனியோட பேங்க் கணக்குக்குள்ள போய் சேர்ந்த தேதி. மூணாவது அந்தப் பணம் உங்க பாலிசி நம்பருக்கு எதிர்ல பிரீமியமா பதிவான தேதி. பேங்க் ஆப்ல பச்சை டிக் வந்தா அது முதல் தேதிக்கு மட்டும்தான் சாட்சி. லேப்ஸ் போடற சிஸ்டம் பாக்கறது பெரும்பாலும் மூணாவது தேதியை.

பேங்க் ஆப்ல பில் கட்டற பகுதி இருக்கே, அதுல கட்டினா பணம் அந்த நிமிஷமே கம்பெனிக்கு போயிடணும்னு இல்ல. பல இடத்துல அன்னிக்கு கட்டினவங்க எல்லாரோட பணத்தையும் ஒரே கட்டா சேர்த்து, யார் யார் எவ்வளவுன்னு ஒரு ஃபைலோட, நடுவுல இருக்கற வசூல் ஏஜென்சி வழியா அனுப்புவாங்க. சாயந்திரம் கட் ஆஃப் நேரம் தாண்டி கட்டினா மறுநாள் கணக்கு. நடுவுல லீவு நாள் வந்தா ஃபைலும் உக்காந்துடும். கம்பெனியோட சொந்த வெப்சைட்ல கட்டினா பொதுவா ரசீது உடனே வந்துடும், ஏன்னா அங்க பாலிசி நம்பரும் பணமும் ஒண்ணா போகுது.

பணம் இப்ப எங்க நிக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதல்ல பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்து அந்த வரியைப் பாருங்க, ஆப்ல வர்ற ஸ்கிரீன்ஷாட் இல்ல, ஸ்டேட்மெண்ட். அதுல டிரான்ஸாக்ஷன் நம்பர் இருக்கும். பணம் திரும்பி வரலைன்னா அது எங்கேயோ போய் சேர்ந்துதான் இருக்கும்.

அப்புறம் கம்பெனிக்கு போன் பண்ணும்போது "என் பிரீமியம் வந்துச்சா"ன்னு கேக்காதீங்க, "வரலை"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவாங்க. "இந்த டிரான்ஸாக்ஷன் நம்பர்ல வந்த பணம் உங்க பேங்க் கணக்குக்கு எந்த தேதில வந்துச்சு, இப்ப எந்தக் கணக்குல வெச்சிருக்கீங்க"ன்னு கேளுங்க. பிரீமியமா பதிய முடியாத பணத்தைத் திருப்பி அனுப்பற வரைக்கும் இல்லன்னா ஆள் அடையாளம் தெரியற வரைக்கும் போட்டு வைக்க அவங்ககிட்ட தனியா ஒரு கணக்கு இருக்கும், சஸ்பென்ஸ்னு சொல்லுவாங்க, சில இடத்துல டெபாசிட்னு சொல்லுவாங்க. பல கேஸ்ல பணம் அங்கதான் தூங்கிட்டு இருக்கும்.

அங்க போறதுக்கு வழக்கமான காரணங்கள் கொஞ்சம்தான். பாலிசி நம்பர்ல ஒரு எண் தப்பு. பேங்க்ல பழைய பாலிசி நம்பர் சேவ் ஆகி இருந்துச்சு. கட்ட வேண்டிய தொகை கொஞ்சம் கூடி, போன தடவை கட்டின அதே தொகையை கட்டிட்டீங்க, சில்லறை அளவுக்கு குறையுது, ஆனா சிஸ்டத்துக்கு அரை பிரீமியம்னு ஒண்ணு கிடையாது, முழுசா இல்லன்னா அப்படியே நிறுத்தி வெச்சுடும். இன்னொண்ணு, இதுதான் ரொம்ப பேருக்குத் தெரியாது: பணம் வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரி பாலிசி லேப்ஸ் ஆயிட்டா, வந்த பிரீமியம் சரியான தொகையா இருந்தாலும் சேராது, ஏன்னா இப்ப அதுகூட லேட் ஃபீயும் வேணும்னு சிஸ்டம் எதிர்பார்க்குது.

போன் பண்ற அன்னிக்கே வெப்சைட்ல லேப்ஸ்னு காட்டற பக்கத்தைத் தேதியோட சேவ் பண்ணி வெச்சுக்குங்க. சரி பண்ணினதுக்கு அப்புறம் அது காணாமப் போயிடும், முன்னாடி என்ன இருந்துச்சுன்னு காட்ட வேற ஆதாரம் கிடைக்கறது கஷ்டம்.

பயமா இருக்கு, லேட் ஃபீயோட சேர்த்து இன்னொரு தடவை கட்டிடட்டுமா?

ஆயுள் காப்பீடுன்னா அவசரப்படாதீங்க. ரெண்டாவது தடவை கட்டினா அந்த லேட் தேதியோட ஒரு ரசீது வந்துடும், முதல்ல கட்டினது "அதிகப்படியா வந்த பணம்"னு திரும்பி வந்துடும். அப்புறம் காகிதத்துல நீங்க லேட்டா கட்டினவர்தான், நேரத்துக்கு கட்டினதுக்கு தடயமே இருக்காது. முதல் பணம் எங்க இருக்குன்னு தெரியற வரைக்கும் ஒண்ணு ரெண்டு நாள் பொறுங்க.

வண்டி இன்சூரன்ஸ், மருத்துவ இன்சூரன்ஸ்னா கதை வேற. வண்டிக்கு கவர், அதாவது இன்சூரன்ஸ் பாதுகாப்பு, இல்லாம ரோட்டுல எடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரி செலவு வர்ற மாதிரி இருந்தா காத்திருக்க முடியாது. அப்ப கட்டுங்க, ஆனா கட்டின அன்னிக்கே ஒரு மெயில் போடுங்க, "முதல் பணம் இந்தத் தேதியே கட்டியாச்சு, அதை விட்டுக்கொடுக்கலை, கவர் அறுபடக் கூடாதுங்கறதுக்காக மட்டும் இதைக் கட்டறேன்"னு. அந்த ஒரு வரி பின்னாடி ரொம்ப உதவும்.

லேட் ஃபீயை மட்டும் தள்ளுபடி பண்ணச் சொல்லி எழுதினா போதாதா? சின்னத் தொகைதானே?

போதாது. இந்தப் பக்கத்தை எழுத உக்காந்ததே இதுக்காகத்தான். எங்க அக்காவுக்கு நடந்ததைச் சொல்றேன்.

அக்காவோட ஆயுள் பாலிசிக்கு அஞ்சாவது வருஷம். டியூ ஜூன் 5, கிரேஸ் 30 நாள், அதாவது ஜூலை 5 வரைக்கும். அக்கா ஜூலை 2 வியாழக்கிழமை ராத்திரி 9:40க்கு பேங்க் ஆப்ல பில் பகுதில கட்டினாங்க, பணமும் அப்பவே போச்சு. கட் ஆஃப் தாண்டினதால அது வெள்ளிக்கிழமை கணக்குல சேர்ந்துச்சு, வெள்ளி ராத்திரி ஃபைல் ரெடியாச்சு, சனி ஞாயிறு எதுவும் நகரலை, திங்கள் ஜூலை 6 கம்பெனியோட பேங்க்குக்கு பணம் வந்துச்சு. ஆனா ஞாயிறு ராத்திரியே சிஸ்டம் பாலிசியை லேப்ஸ் போட்டிருச்சு. புதன்கிழமை ஜூலை 8 பாலிசில ஏத்த முயற்சி பண்ணும்போது லேட் ஃபீ இல்லன்னு டெபாசிட்ல தள்ளிடுச்சு. அக்காவுக்கு வந்த எஸ்எம்எஸ்ல பாலிசி லேப்ஸ், லேட் ஃபீ கட்டி உடல்நல உறுதிமொழி குடுத்து ரிவைவ் பண்ணிக்கோங்கன்னு மட்டும்தான் இருந்துச்சு.

அக்கா ஜூலை 10 ஒரு லெட்டர் எழுதினாங்க. மரியாதையா, பேங்க்ல லேட் ஆயிடுச்சு, தயவு பண்ணி லேட் ஃபீயை தள்ளுபடி பண்ணுங்கன்னு. கம்பெனியும் நல்லபடியாவே பதில் போட்டாங்க, ஒரு தடவை சலுகையா தள்ளுபடி, உறுதிமொழில மட்டும் கையெழுத்து போட்டு அனுப்புங்கன்னு. போட்டாங்க. ஜூலை 17 பாலிசி ஆக்டிவ். வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி.

செப்டம்பர்ல வேற ஒரு காரியத்துக்காக பாலிசி ஸ்டேட்மெண்டை பிரிண்ட் எடுத்தப்பதான் அந்த வரியைப் பார்த்தேன். "ரிவைவல் தேதி ஜூலை 17." தள்ளுபடி பண்ணினது ஃபீயைத்தான், லேப்ஸ் அப்படியே பதிவுல இருக்கு. அப்படின்னா ஜூலை 6ல இருந்து 17 வரைக்கும் அக்காவுக்கு கவரே இல்ல, அந்த நாட்கள்ல ஏதாவது ஆகியிருந்தா கிளெய்ம் நின்னிருக்காது. அதைவிட முக்கியமா, பல ஆயுள் பாலிசில ஒரு ஷரத்து இருக்கும், ஆரம்ப சில வருஷத்துக்குள்ள மரணம் நடந்தா விண்ணப்பத்துல சொன்ன உடல்நல விவரத்தைக் கம்பெனி தோண்டி எடுத்து கேள்வி கேக்கலாம்னு. ரிவைவ் ஆன பாலிசிக்கு அந்தக் காலம் ரிவைவல் தேதில இருந்து மறுபடி எண்ணப்படலாம், அக்கா பாலிசில அப்படித்தான் எழுதியிருந்துச்சு. நாலு வருஷம் தாண்டி பத்திரமா நின்ன பாலிசி, ஒரு வார்த்தை தப்பா கேட்டதால புதுப் பாலிசி மாதிரி ஆயிடுச்சு. மருத்துவ இன்சூரன்ஸ்ல இதே வேலையைச் செய்யறது ஏற்கனவே இருக்கற நோய்க்கான காத்திருப்புக் காலம், இடைவெளி விழுந்தா அது மறுபடி ஆரம்பிக்கற ஆபத்து இருக்கு.

"தள்ளுபடி"ன்னு கேட்டா அர்த்தம் என்னன்னா, நான் லேட்தான், மன்னிச்சு விடுங்க. அக்கா லேட்டே இல்லையே. கேக்க வேண்டியது "பணம் பெற்ற தேதியைச் சரி பண்ணுங்க"ன்னு. தேதி சரியானா லேப்ஸே நடக்கலை, லேப்ஸ் நடக்கலைன்னா லேட் ஃபீக்கு இடமே இல்ல, அது தானா விழுந்துடும்.

செப்டம்பர் 21 ரெண்டாவது லெட்டர் நான் எழுதிக் குடுத்தேன். மூணு வாரத்துல பதில் வந்துச்சு, பெற்ற தேதி ஜூலை 2ன்னு திருத்தி, லேப்ஸ் பதிவையும் ரிவைவல் பதிவையும் எடுத்துட்டதா சொன்னாங்க. அதே கம்பெனி, அதே ஆதாரம்தான், கேட்ட விதம் மட்டும் வேற.

தப்பு பேங்க்கோடதுன்னு கம்பெனி சொல்லுது, கம்பெனியோடதுன்னு பேங்க் சொல்லுது. யாரைப் பிடிக்கிறது?

நடுவுல லேட் பண்ணினவங்க யாருக்காக வேலை செய்யறாங்கங்கறதுதான் கேள்வி. கம்பெனி தன்னோட பிரீமியம் நோட்டீஸ்லயோ வெப்சைட்லயோ "இந்த வழியா கட்டலாம்"னு போட்டிருந்தா, அந்த வழில பணம் வாங்கறவங்க கம்பெனிக்காக வாங்கறாங்கன்னு வாதாட நல்ல இடம் இருக்கு, நீங்க அவங்க கைல குடுத்த தேதிதான் கட்டின தேதின்னு கேக்கலாம். நீங்களா உங்க பேங்க்ல "இந்த அக்கவுண்டுக்கு அனுப்பு"ன்னு சொல்லி அனுப்பினா, இல்ல செக் எழுதி தபால்ல போட்டா, நடுவுல ஆகற தாமதம் பொதுவா உங்க பக்கத்து ரிஸ்க். அப்ப கம்பெனிகிட்ட கேக்கறது சலுகைதான், நஷ்டத்தை பேங்க்கிட்ட கேக்கணும்.

அக்கா கேஸைத் திருப்பினது நோட்டீஸோட பின்பக்கம். பொடி எழுத்துல கட்டண வழிகள்னு ஒரு பட்டியல், அதுல அந்த பில் சேவையோட பேரு இருந்துச்சு. யாருமே திருப்பிப் பார்க்கலை. ஆனா அதே பட்டியலுக்குக் கீழ "பணம் எங்கள் கணக்கில் வரவான தேதியே கட்டிய தேதி"ன்னு சில கம்பெனி போட்டிருப்பாங்க, அப்படி இருந்தா உங்க கை கொஞ்சம் தாழ்ந்துடும், அதையும் படிச்சுட்டு எழுதுங்க.

எப்படி இருந்தாலும் பேங்க்கிட்ட ஒரு காகிதம் வாங்கிடுங்க. இந்தத் தொகை, இந்த டிரான்ஸாக்ஷன் நம்பர், இந்தத் தேதி இந்த நேரத்துல டெபிட் ஆச்சு, இந்தத் தேதில அனுப்பினோம், திரும்பி வரலை. இவ்வளவுதான் அதுல வேணும். பிராஞ்ச்ல வாயால சொல்றது லெட்டரோட சேர்த்து வைக்க உதவாது.

ரிவைவல் ஃபார்ம்ல கையெழுத்து போடச் சொல்றாங்க. போடலாமா?

தேதி திருத்தச் சொல்லி எழுதி, பதில் வர்ற வரைக்கும் போடாம இருக்க முடிஞ்சா நல்லது. ஆனா அந்த ஃபார்முக்கும் ஒரு கெடு இருக்கும், நாள் ஆக ஆக மெடிக்கல் டெஸ்ட் கேக்கவும் ஆரம்பிப்பாங்க, அதனால ரொம்ப இழுக்காதீங்க. போட வேண்டி வந்தா கவர் லெட்டர்ல "தேதி திருத்தக் கேட்ட என் மனு நிலுவைல இருக்கு, அதுக்குப் பாதகம் இல்லாம இதைத் தர்றேன்"னு எழுதி அனுப்புங்க. உடல்நலக் கேள்விக்கு உண்மையா பதில் எழுதுங்க, போன வருஷம் வந்த சுகரை மறைச்சா நாளைக்கு கிளெய்ம் விழறதே அதாலதான்.

சரி, லெட்டர்ல என்ன எழுதணும்? ஒரு மாதிரி குடுங்க.

அக்கா ஜூலை 10 அனுப்பியிருக்க வேண்டிய லெட்டர் இது. ஒரு பக்கம் தாண்ட வேண்டாம், படிக்கறவங்க மேஜைல இதே மாதிரி நிறைய கிடக்கும். கோபம், குடும்பக் கஷ்டம் எதுவும் வேண்டாம், தேதிகள் பேசட்டும்.

> பொருள்: பாலிசி எண் ____ – பிரீமியம் பெற்ற தேதியைத் திருத்தவும், லேப்ஸ் பதிவையும் தாமதக் கட்டணத்தையும் நீக்கவும் கோருதல்
>
> ஐயா / அம்மா,
>
> மேற்கண்ட பாலிசிக்கு ஜூன் 5 அன்று செலுத்த வேண்டிய பிரீமியத்தின் சலுகைக் காலம் ஜூலை 5 வரை இருந்தது. முழுத் தொகையையும் ஜூலை 2 இரவு 9:40 மணிக்கு, உங்கள் பிரீமியம் அறிவிப்பின் பின்பக்கத்தில் குறிப்பிட்டுள்ள பில் கட்டணச் சேவை வழியாகச் செலுத்தினேன். டிரான்ஸாக்ஷன் எண் ____. அந்தத் தொகை எனக்குத் திரும்பி வரவில்லை.
>
> தொகை ஜூலை 6 அன்று உங்கள் வங்கிக் கணக்கில் வரவானதாகவும், தற்போது டெபாசிட் கணக்கில் உள்ளதாகவும் உங்கள் வாடிக்கையாளர் சேவையில் தெரிவித்தார்கள் (புகார் எண் ____). இடைப்பட்ட தாமதம் நீங்கள் அறிவித்த கட்டண வழியில் ஏற்பட்டது.
>
> எனவே, (1) பிரீமியம் பெற்ற தேதியை ஜூலை 2 எனத் திருத்தி, அந்தத் தேதியிட்ட ரசீது வழங்கவும், (2) லேப்ஸ் பதிவை நீக்கி, பாலிசி இடைவெளியின்றி நடைமுறையில் உள்ளதாக எழுத்தில் உறுதி செய்யவும், (3) இதன் காரணமாக விதித்த தாமதக் கட்டணத்தை ரத்து செய்யவும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இந்தத் திருத்தம் நடக்கும்வரை, புதுப்பித்தல் படிவம் எதிலும் நான் கையெழுத்திட்டால், அதை நான் தாமதத்தை ஏற்றுக்கொண்டதாகக் கருத வேண்டாம்.
>
> இணைப்பு: வங்கி ஸ்டேட்மெண்ட், வங்கியின் உறுதிக் கடிதம், பிரீமியம் அறிவிப்பு (இரு பக்கமும்), லேப்ஸ் குறுஞ்செய்தியின் நகல்.

மூணு கோரிக்கையோட வரிசையை மாத்தாதீங்க. ஃபீ முதல்ல வந்தா, படிக்கறவங்க அதை மட்டும் தள்ளுபடி பண்ணிட்டு ஃபைலை மூடிடுவாங்க, அக்காவுக்கு நடந்தது அதேதான். மெயில்ல அனுப்பினா தானா வர்ற புகார் எண்ணை வெச்சுக்கோங்க, நேர்ல குடுத்தா காப்பில சீலும் தேதியும் வாங்கிக்கோங்க.

உண்மையைச் சொன்னா நான்தான் மறந்துட்டேன். எனக்கும் தள்ளுபடி கிடைக்குமா?

கிடைக்கலாம், ஆனா உங்களோடது வேற லெட்டர். மேல இருக்கறதை அனுப்பாதீங்க, பொய்யா போயிடும், அவங்ககிட்ட தேதி இருக்கு. மறந்துட்டேன்னு நேரா சொல்லுங்க, இத்தனை வருஷம் ஒரு தடவை கூட தவறினது இல்லங்கறதைச் சொல்லுங்க (அது அவங்க ஸ்கிரீன்லயே தெரியும்), பிரீமியத்தை ஏற்கனவே கட்டிட்டேன்னு சொல்லுங்க, லேட் ஃபீயை மட்டும் ஒரு தடவை தள்ளுபடி பண்ணக் கேளுங்க. நாலு வரி போதும். தேதியை மாத்தச் சொல்லிக் கேக்க உங்களுக்கு இடம் இல்ல.

கரண்ட் பில், தண்ணி பில்லுக்கும் இதே வழிதானா?

அடிப்படை அதேதான், ஆனா சுலபம். அங்க கவர் அறுந்து போற பிரச்சனை இல்ல, லைனை கட் பண்ணினாலும் கட்டினா திரும்பிக் குடுத்துடுவாங்க. டெபிட் ஆன தேதியைக் காட்டி லேட் ஃபீ, ரீகனெக்ஷன் கட்டணம் ரெண்டையும் எடுக்கச் சொல்லுங்க. ரீகனெக்ஷன் கட்டணத்தைத் தனியா பேர் சொல்லிக் கேக்கணும், இல்லன்னா அடுத்த பில்லுல வந்து நிக்கும். அடுத்த பில்லுல பழைய பாக்கின்னு ஒரு சின்னத் தொகை ஓடிட்டு இருக்கான்னும் பாருங்க, லேட் ஃபீ மேலயே மறுபடி லேட் ஃபீ ஏறறது அப்படித்தான்.

"சிஸ்டம் தானா பண்ணினது, மாத்த முடியாது"ன்னு பதில் வந்துச்சு. இப்ப?

பதிவான தேதியை மாத்தறதுக்குன்னு உள்ள ஒரு வழி இருக்கும், கால் சென்டர்ல இருக்கறவங்களுக்கு அந்த அதிகாரம் இருக்காது, அவ்வளவுதான். அவங்களோட சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல. அந்தப் பதிலை எழுத்துல வாங்குங்க, கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு அதே லெட்டரை, முதல் பதிலோட காப்பியை இணைச்சு, "எந்த ஷரத்தின்படி ஜூலை 6ஐ பெற்ற தேதியா எடுத்தீங்கன்னு குறிப்பிடுங்க"ன்னு ஒரே ஒரு வரி சேர்த்து அனுப்புங்க. ஷரத்து எண்ணைக் கேட்டதும் யாரோ ஒருத்தர் பாலிசி டாகுமெண்டைத் திறந்து படிச்சே ஆகணும். அதுக்கும் நகரலைன்னா இன்சூரன்ஸை கண்காணிக்கற அமைப்புக்கோ குறைதீர்ப்பாளருக்கோ போகலாம், ஆனா அங்க போறதுக்கும் கால வரம்பு உண்டு, கம்பெனியோட கடைசி பதில் தேதில இருந்து எண்ணுவாங்க, அதனால அந்தப் பதில் வந்த கவரையும் தூக்கிப் போடாதீங்க.

எல்லாம் முடிஞ்சு "சரி பண்ணியாச்சு"ன்னு மெயில் வந்ததும் புது ஸ்டேட்மெண்ட் ஒண்ணு டவுன்லோட் பண்ணி ரெண்டு இடத்தைப் பாருங்க: ரசீது தேதி என்ன போட்டிருக்கு, ரிவைவல்னு வரி ஏதாவது இன்னும் இருக்கான்னு. அக்காவோடதுல ரசீது முதல்லயே மாறிடுச்சு, ரிவைவல் வரி போக இன்னொரு மெயில் போட வேண்டியிருந்துச்சு.